கடும் அனோரெக்ஸியாவுடன் வார்டில் சேரும் வளரிளம் பிள்ளைகள்: சாப்பாடு திரும்பும் முதல் ஏழு நாள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்து மருத்துவமனைகளில், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கிப் பட்டினி கிடக்கும் அனோரெக்ஸியா நோயுள்ள இந்தப் பிள்ளைகள் முதலில் வந்து சேர்வது "சோர்வு", "மயக்கம்", "மாதவிலக்கு நின்றுவிட்டது" என்ற புகார்களோடுதான். வார்டு நர்ஸ்கள், இரவுப் பணி டாக்டர்கள், கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் பெற்றோர் எனப் பலரும் கேட்டவை இங்கே இருக்கின்றன. மருந்தின் அளவைப் பிள்ளையைப் பார்க்கும் டாக்டரே முடிவு செய்யவேண்டும். எதை, எப்போது, ஏன் பார்க்கவேண்டும் என்பதற்கு இந்தப் பக்கம்.

"சாப்பிடாமத்தான் இப்படி ஆனா. இப்பச் சாப்பிட ஆரம்பிச்சிட்டாளே, இனி என்ன ஆபத்து?"

பல வாரம் பட்டினி கிடந்த உடம்பு, தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓடப் பழகிவிடுகிறது. அப்போது இன்சுலின் அடங்கிக் கிடக்கும். சோறோ சர்க்கரையோ உள்ளே போனதும் இன்சுலின் எழும்பும். அது இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை மட்டும் செல்லுக்குள் இழுப்பதில்லை. பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க ஒவ்வொரு செல்லுக்கும் பாஸ்பரஸ் வேண்டும், தயமின் என்னும் பி1 வைட்டமினும் வேண்டும். இரண்டும் பட்டினியில் ஏற்கெனவே தீர்ந்துபோனவை.

அதனால் இரத்தத்தில் பாஸ்பரஸ் மளமளவென்று இறங்கும். இதயத் தசையும் மூச்சு இழுக்கும் தசையும் சக்தியில்லாமல் தளரும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இன்சுலின் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் சொல்வதால் உடம்பில் நீர் தேங்கும். மெலிந்துபோன இதயத்தால் அந்த நீரைத் தள்ள முடியாது. இதைத்தான் ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். பெரும்பாலும் சாப்பாடு தொடங்கிய முதல் 72 மணி நேரத்தில் தலைகாட்டும், சிலருக்குப் பத்து நாள் வரையும் வரலாம்.

சாப்பாட்டை நிறுத்துவது இதற்குத் தீர்வு ஆகாது. உங்கள் மகள் சாப்பிடத்தான் வேண்டும். அவள் சாப்பிடும்போது கண்ணை எடுக்காமல் பார்க்கும் ஆளும் வேண்டும்.

"சேர்த்த அன்னைக்கே எலக்ட்ரோலைட் எடுத்து எல்லாம் நார்மல்னு வந்திருச்சு. தினமும் எதுக்குப் பிள்ளையைக் குத்துறீங்க?"

முதலில் அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்து லேப்களில் "சீரம் எலக்ட்ரோலைட்ஸ்" என்று எழுதிக் கொடுத்தால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, சில இடங்களில் பைகார்பனேட், இவ்வளவுதான் வரும். பாஸ்பரஸ், மெக்னீசியம், கால்சியம் மூன்றும் தனித்தனியாக எழுதிக் கேட்டால்தான் செய்வார்கள். இந்த நோயில் முக்கியமான எண்ணே அந்தத் தாளில் இல்லாமல் போவதை அடிக்கடி பார்க்கிறோம்.

அந்த மூன்றும் செய்து நார்மல் என்று வந்தாலும் அது முதல் நாளின் செய்தி மட்டுமே. உடம்பின் பாஸ்பரஸில் பெரும்பகுதி எலும்பிலும் செல்லுக்குள்ளும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது ஒரு துளி. பட்டினியில் மொத்தக் கையிருப்பு காலியானாலும் இரத்தத்து அளவை உடம்பு தாங்கிப் பிடித்துவைக்கும். சாப்பாடு போன பிறகுதான் குட்டு வெளிப்படும். ஆகவே தொடங்கும் முன் ஒரு தடவை, பிறகு குறைந்தது முதல் ஐந்து நாளும் தினம் ஒரு தடவை, ஆபத்து அதிகமுள்ள பிள்ளைக்கு முதல் இரண்டு நாள் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், கால்சியம், சோடியம், சர்க்கரை, கிரியாட்டினின் எல்லாம் ஒரே குத்தில் எடுத்துவிடலாம்.

மாதிரியை வெளியூர் லேபுக்கு அனுப்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரத்தத்தைச் சீரம் பிரிக்காமல் குழாயிலேயே வைத்துப் பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பினால், வழியில் சிவப்பணுக்களிலிருந்து பாஸ்பரஸும் பொட்டாசியமும் வெளியே கசியும். உண்மையில் குறைவாக இருப்பது நார்மலாகக் காட்டும். இங்கேயே சுழற்றிச் சீரத்தைப் பிரித்து, குளிர்ப்பெட்டியில் அனுப்புங்கள். தாளில் "ஹீமோலைஸ்டு" என்று குறித்திருந்தால் அந்த எண்ணை நம்பவேண்டாம், மறுபடி எடுங்கள்.

"எழுந்தாலே கண்ணு இருட்டுதுங்கிறா. ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தினா தெம்பு வருமே?"

இந்த நோயில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். சோர்ந்த பிள்ளையைப் பார்த்ததும் கை பாட்டிலுக்குப் போவது நம் ஊர் வழக்கம். அரை லிட்டர் டி.என்.எஸ். பாட்டில் இரண்டு ஏற்றினால் 50 கிராம் சர்க்கரையும் 9 கிராம் உப்பும் சில மணி நேரத்தில் நேரே இரத்தத்துக்குள் போகின்றன. சர்க்கரை இன்சுலினை எழுப்பும், உப்பும் நீரும் இதயத்தின் மேல் ஏறி உட்காரும். தயமின் கொடுக்காமல் ஏற்றினால், தயமின் குறைவால் வரும் மூளைப் பாதிப்பும் சேர்ந்துகொள்ளலாம். குழப்பம், கண் ஆட்டம், நடை தள்ளாட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

வாய் வழியாகக் குடிக்க முடிந்தால் வாய் வழியாகவே கொடுக்கவேண்டும். அதிர்ச்சி நிலை, நிற்காத வாந்தி, மயங்கிய நிலையில் சர்க்கரைக் குறைவு போன்ற உண்மையான அவசரத்தில் மட்டும் நரம்பு வழி திரவம். அதையும் கொஞ்சமாக ஏற்றி, நெஞ்சைக் கேட்டு, பிறகு மேலே போகவேண்டும். இந்தப் பிள்ளைகளின் குறைந்த பி.பி. பெரும்பாலும் பட்டினியால் வந்தது, நீர் வற்றியதால் மட்டும் வந்ததல்ல. பாட்டிலால் அது சரியாகாது.

வெளியே ஏற்கெனவே பாட்டில் ஏற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை பாட்டில், என்ன பாட்டில், எத்தனை மணிக்கு என்பது கண்காணிப்புத் தாளின் முதல் வரியில் இருக்கவேண்டும்.

"இந்தப் பிள்ளைக்கு ஆபத்து எவ்வளவுன்னு சேர்க்கும்போதே எப்படிச் சொல்றது?"

எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். குண்டாக இருந்து மூன்று மாதத்தில் விறுவிறுவென்று குறைந்த பிள்ளை, பார்வைக்குச் "சரியான எடையில்" இருந்துகொண்டே மோசமான நிலையில் இருக்கலாம். எவ்வளவு குறைந்தது, எவ்வளவு வேகமாக, கடைசிப் பத்து நாளில் உள்ளே என்ன போனது என்ற மூன்றையும் கேளுங்கள்.

வளரிளம் பருவத்தில் பி.எம்.ஐ. எண்ணைப் பெரியவர்களுக்கான எல்லையோடு ஒப்பிடக்கூடாது. அந்த வயதின் நடு பி.எம்.ஐ. எதுவோ, அதில் பிள்ளையின் பி.எம்.ஐ. எத்தனை சதவீதம் என்று பார்க்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 15 வயதுப் பெண்ணுக்கு நடு பி.எம்.ஐ. 20.2, ஆணுக்கு 19.8. பிள்ளையின் எண்ணை அதனால் வகுத்து நூறால் பெருக்குங்கள். வளரிளம் பருவ மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், 75 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பது மருத்துவமனையில் சேர்க்க ஒரு காரணம். பகலில் நாடி 50-க்குக் கீழ், இரவில் 45-க்குக் கீழ், பி.பி. 90/45-க்குக் கீழ், உடல் வெப்பம் 35.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் என்பவையும் அப்படியே. பிரிட்டனின் ராயல் மனநல மருத்துவர் கல்லூரி அதே 2022-இல் கொண்டுவந்த வழிகாட்டி, விழித்திருக்கும்போது நாடி 40-க்குக் கீழ் இருப்பதையும், 70 சதவீதத்துக்குக் கீழ் போவதையும் சிவப்பு அடையாளமாக வைக்கிறது.

படுக்கையில் ஐந்து நிமிடம் கிடத்தி நாடியும் பி.பி.யும் எடுத்து, நிற்கவைத்து இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். மேல் பி.பி. 20-க்கு மேல் இறங்கினாலோ நாடி 40-க்கு மேல் ஏறினாலோ அந்தப் பிள்ளையைத் தனியாகக் குளியலறைக்கு அனுப்பக்கூடாது. தரையில் குந்தவைத்துக் கையை ஊன்றாமல் எழச் சொல்வதும் தசை பலத்துக்கு எளிய சோதனைதான். ஆனால் தலை சுற்றும் பிள்ளையிடம் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

"எத்தனை மணிக்கு ஒரு தடவை என்னென்ன பார்க்கணும்? ராத்திரியும் எழுப்பணுமா?"

எழுப்பவேண்டாம், ஆனால் பார்க்காமலும் விடக்கூடாது. இந்தப் பிள்ளைகளின் நாடி ஆழ்ந்த தூக்கத்தில்தான் மிகத் தாழும். பகல் சுற்றில் 48 என்று எழுதியவர், அதிகாலை 3 மணிக்கு அதே பிள்ளைக்கு 34 ஓடுவதைக் காணாமல் போகலாம். நாடி 50-க்குக் கீழ் இருந்தாலோ பொட்டாசியம், பாஸ்பரஸ் குறைந்தாலோ இதய மானிட்டரில் போடுங்கள். மானிட்டர் இல்லாத வார்டில் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மணிக்கட்டைத் தொட்டு முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கும் பழக்கம் இங்கே உதவாது. விரல் கருவியையும் முழுதாக நம்பவேண்டாம், சில்லிட்ட விரலில் அது தப்பாகக் காட்டும்.

பகலில் நாடி, பி.பி., மூச்சு எண்ணிக்கை, வெப்பம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். உள்ளே போன ஒவ்வொரு டம்ளரும் வெளியே வந்த சிறுநீரும் அளந்து எழுதவேண்டும். தினமும் காலையில் கணுக்காலை அழுத்திக் குழி விழுகிறதா, நெஞ்சின் அடிப்பாகத்தில் சத்தம் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கவேண்டும்.

வெப்பம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சித்திரை வெயிலிலும் இந்தப் பிள்ளை போர்வை கேட்கும். வார்டு ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். கிருமித் தொற்று வந்தாலும் காய்ச்சல் ஏறாமலும் வெள்ளணு கூடாமலும் இருக்கலாம். ஆகவே "வெப்பம் 36.8, நார்மல்" என்பது நேற்று வரை 35.3 இருந்த பிள்ளையிடம் காய்ச்சலாகவே இருக்கலாம்.

"எத்தனை கலோரியில தொடங்குறது? ஒருத்தர் 500-ங்கிறார், இன்னொருத்தர் 2000-ங்கிறார்."

இரண்டுக்கும் பின்னால் காரணம் உண்டு. ரீஃபீடிங் பயத்தில் மிகக் குறைவாகத் தொடங்குவது பழைய வழக்கம். அதில் பிள்ளைகள் வார்டிலேயே இன்னும் எடை இழந்தார்கள், சிலர் பட்டினியாலேயே மோசமானார்கள். 2021-இல் அமெரிக்காவில் வெளியான ஸ்ட்ராங் ஆய்வில், தினம் 2000-இல் தொடங்கியவர்கள் 1400-இல் தொடங்கியவர்களைவிட மூன்று நாள் முன்னதாக உடல் நிலைப்பட்டார்கள், எலக்ட்ரோலைட் கோளாறு கூடவில்லை. ஆனால் அந்த ஆய்வு நடு பி.எம்.ஐ.யில் 60 சதவீதத்துக்குக் கீழ் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. தினமும் இரத்தம் பார்க்கும் வசதியும் அங்கே இருந்தது.

எங்கள் கணிப்பு இது. தினமும் பாஸ்பரஸ் பார்க்க முடிகிற இடத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 1400-இலிருந்து 2000 வரை தொடங்கலாம். மிக மெலிந்து, நாடி 40-ஐத் தொட்டு, பத்து நாளாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாத பிள்ளைக்கு அதற்குக் கீழே தொடங்கி, 12 முதல் 24 மணிக்குள் மறுபடி கணக்குப் பார்க்கவேண்டும். குறைவான அளவிலேயே மறந்து விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. தினமும் இரத்தம் பார்க்க முடியாத இடமென்றால், பார்க்க முடிகிற இடத்துக்கு அனுப்புங்கள். கலோரியைக் குறைத்துவிட்டு ஆறுதல் அடையாதீர்கள்.

முதல் கவளத்துக்கு முன்பே தயமின் 100 மி.கி. கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாள் தொடரவேண்டும். ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் ஆறு வேளையாகப் பிரித்தால் இன்சுலின் திடீரென்று எழும்பாது.

"ஒரு பிள்ளையை வச்சு, முதல் நாலு நாள் எப்படிப் போகும்னு காட்டுங்க."

விளக்கத்துக்காக அமைத்த ஒரு மாதிரி இது. 15 வயதுப் பெண், நடு பி.எம்.ஐ.யில் 67 சதவீதம். பத்து நாளாக மோரும் கடுங்காப்பியும்தான். பள்ளியில் மயங்கி விழுந்து, ஒரு கிளினிக்கில் டி.என்.எஸ். இரண்டு பாட்டில் ஏற்றப்பட்டு, மறுநாள் காலை 10 மணிக்கு வார்டுக்கு வருகிறாள். விழித்திருக்கும்போது நாடி 44, பி.பி. 84/50, வெப்பம் 35.4. சர்க்கரை 61. பாஸ்பரஸ் 3.8, பொட்டாசியம் 3.4, மெக்னீசியம் 1.7. தயமின் கொடுத்து, 1200 கலோரியை ஆறு வேளையாகத் தொடங்குகிறார்கள். அன்றிரவு தூக்கத்தில் நாடி 37, மானிட்டரில் ஒழுங்காக ஓடுகிறது.

24 மணியில் பாஸ்பரஸ் 3.1. லேப் தாளில் பெரியவர்களுக்கான எல்லை 2.5 முதல் 4.5 என்று அச்சிட்டிருப்பதால் இதில் நட்சத்திரக் குறி விழவில்லை. ஆனால் 3.8-இலிருந்து 3.1 என்பது 18 சதவீத இறக்கம். 2020-இல் அமெரிக்க ஊட்டச் சங்கமான ஆஸ்பென் வகுத்த அளவுகோலில், சாப்பாடு தொடங்கி ஐந்து நாளுக்குள் 10 முதல் 20 சதவீதம் இறங்கினால் லேசானது, 20 முதல் 30 நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. அதாவது ரீஃபீடிங் தொடங்கிவிட்டது. தாளில் எண்ணை மட்டும் எழுதாமல், முதல் நாள் எண்ணிலிருந்து எத்தனை சதவீதம் இறங்கியது என்று பக்கத்தில் எழுதச் சொல்வது இதனால்தான். அன்றே வாய்வழி பாஸ்பரஸ் தொடங்கி, கலோரியை ஏற்றாமல் 1200-லேயே நிறுத்தினார்கள்.

48 மணியில் 2.5, 34 சதவீத இறக்கம். பொட்டாசியம் 3.1, மெக்னீசியம் 1.5. மருந்து தொடங்கிய பிறகும் இறங்கியிருக்கிறதே என்று பதறவேண்டாம், செல்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பாஸ்பரஸ் அளவைக் கூட்டி, மெக்னீசியமும் பொட்டாசியமும் சேர்த்து, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை இரத்தம் பார்த்தார்கள். மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் சிறுநீரில் போய்விடும், அதனால் இரண்டும் சேர்ந்தே போகவேண்டும். சாப்பாட்டை வெட்டவில்லை. இதயக் கோளாறோ மூச்சுத் திணறலோ குழப்பமோ வந்திருந்தால் கலோரியைப் பாதியாக்கிவிட்டு மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கவேண்டும்.

72 மணியில் 2.9, நாலாம் நாள் 3.3. அப்போதுதான் 1400, பிறகு தினம் 200 ஏற்றம்.

"ரெண்டாம் நாள் ராத்திரி தூக்கத்துல நாடி 84. நேத்து 37-தான். தேறிட்டான்னு அர்த்தமா?"

மேலே சொன்ன மாதிரிப் பிள்ளைக்கு இது நடந்தால் உடனே டாக்டரை எழுப்புங்கள். பட்டினி கிடந்த பிள்ளையின் நாடி மெதுவாக, பல நாளில், ஐந்து ஐந்தாகத்தான் ஏறவேண்டும். ஒரே இரவில் இரட்டிப்பானால், இதயம் நீரைத் தள்ள முடியாமல் திணறுகிறது, அல்லது தொற்று, அல்லது சர்க்கரை இறங்கியிருக்கிறது, அல்லது பிள்ளை போர்வைக்குள் உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள். எண் "நார்மல்" என்பதால் இதற்கு மானிட்டரும் மணி அடிக்காது.

வரிசையாகப் பாருங்கள். விரலில் குத்திச் சர்க்கரை, மூச்சு எண்ணிக்கை, நெஞ்சின் அடியில் சத்தம், கணுக்கால் குழி, இரண்டு நாளில் எடை எவ்வளவு ஏறியது என்ற வரிசையில். மாதிரிப் பிள்ளைக்கு 1.3 கிலோ ஏறி, கணுக்காலில் குழி விழுகிறது, நெஞ்சு தெளிவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1200 கலோரியில் இரண்டு நாளில் 1.3 கிலோ சதை போடாது, அது நீர். முன்பு ஏறிய ஒரு லிட்டர் டி.என்.எஸ்.ஸின் உப்பு, இன்சுலின் பிடித்துவைத்த உப்பு, உறவினர் ஊற்றிக் கொடுத்த இளநீர் எல்லாம் சேர்ந்த கணக்கு. நீரின் அளவைக் கட்டுப்படுத்தி, மார்பு எக்ஸ்ரேயும் எக்கோவும் பார்க்கவேண்டும். நீர் போகும் மாத்திரையை யோசிக்காமல் கொடுத்தால் மிச்சமிருக்கும் பொட்டாசியமும் அதோடு போய்விடும்.

"பாஸ்பரஸுக்கு மாத்திரை எழுதினாங்க, கடையில இல்லைங்கிறாங்க. வேற வழி?"

மாத்திரை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஜூலி சொல்யூஷன் என்ற வாய்வழித் திரவமோ பாஸ்பேட் பாக்கெட்டோ காரைக்குடியில் இல்லாவிட்டால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவழைக்கலாம். பிள்ளை சேர்ந்த அன்றே வரவழைத்துவிடுங்கள், எண் இறங்கிய பிறகு தேடக்கூடாது. ஒரே வீச்சில் கொடுத்தால் வயிற்றோட்டம் போகும், நாலு வேளையாகப் பிரியுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் குடலில் பிணைந்து வீணாகும்.

பாலை லேசாக நினைக்காதீர்கள். 100 மி.லி. பசும்பாலில் ஏறக்குறைய 90 மி.கி. பாஸ்பரஸ் இருக்கிறது, பொட்டாசியமும் புரதமும் கூடவே வருகின்றன. அரிசிக் கஞ்சியில் மாவுச்சத்து மட்டும்தான், இன்சுலினை எழுப்பிவிட்டுப் பாஸ்பரஸ் கொடுக்காமல் போய்விடும். கஞ்சிக்குப் பதில் பால், தயிர், முட்டை, பருப்பு முன்னால் வரட்டும்.

பாஸ்பரஸ் 1-க்குக் கீழே போனாலோ, தசைத் தளர்ச்சியோ குழப்பமோ மூச்சுத் திணறலோ வந்தாலோ நரம்பு வழியாகக் கொடுக்கவேண்டும். அதை மெதுவாக, மானிட்டரோடு, கால்சியம் பார்த்துக்கொண்டு, கால்சியம் ஓடும் அதே குழாயில் கலக்காமல் ஏற்றவேண்டும். அது தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை.

"ராத்திரி ரெண்டு மணிக்கு எதுக்குச் சர்க்கரை பார்க்கிறீங்க? அவளுக்குச் சர்க்கரை வியாதியே இல்லையே."

ஈரலில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோன பிள்ளைக்கு இரவுதான் நீண்ட பட்டினி. இரவு 8 மணிச் சாப்பாட்டுக்கும் காலைக்கும் நடுவில் 54-க்குக் கீழே போகலாம். வெளியே தெரியும் ஒரே அடையாளம் எழுப்ப முடியாத தூக்கமாகவே இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்ட ஒன்று, இரண்டு மணி கழித்தும் இன்சுலின் வேகத்தில் இறங்கலாம். முதல் மூன்று நாள் ஒவ்வொரு வேளைக்கு முன்னும், அதிகாலை 2 மணிக்கும் பாருங்கள். படுக்கும்முன் ஒரு டம்ளர் பாலும் ஏதாவது திடப் பண்டமும் கொடுப்பது நல்ல காவல்.

"வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னா ஆன்டன்செட்ரான் போடலாமா?"

ஈ.சி.ஜி. பார்க்காமல் போடவேண்டாம். ஆன்டன்செட்ரான், டோம்பெரிடோன், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஹாலோபெரிடால், எஸ்சிட்டலோப்ராம் ஆகியவை எல்லாம், இதயம் ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்குத் தயாராகும் நேரத்தை ஈ.சி.ஜி.யில் காட்டும் கியூ.டி. இடைவெளியை நீட்டக்கூடியவை. பொட்டாசியம் குறைந்து நாடியும் மெதுவாக ஓடும் இதயத்தில் அது ஆபத்தான துடிப்புக்கு வழி. ஈ.சி.ஜி. இயந்திரம் நாடி வேகத்துக்கு ஏற்பத் திருத்தி அச்சிடும் கியூ.டி.சி.யை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. வழக்கமான பாசெட் கணக்கு, மெதுவான நாடியில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கையால் அளந்து சரிபாருங்கள். 18 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு 460-க்கு மேலும் ஆணுக்கு 450-க்கு மேலும் இருந்தால் இதய மருத்துவரிடம் பேசவேண்டும்.

வயிறு உப்பலும் குமட்டலும் பெரும்பாலும் இரைப்பை மெதுவாகக் காலியாவதால்தான். வேளைகளைச் சிறிதாக்கினால் ஒரு வாரம், பத்து நாளில் குறையும்.

"அவ ஆயா கும்மாயமும் பால் பணியாரமும் செஞ்சு எடுத்துட்டு வந்திருக்காங்க. ஆசையாக் கொடுக்கிறதைத் தடுக்கலாமா?"

ஆயாவின் கை திரும்பவேண்டாம், ஆனால் முதலில் நர்ஸிடம் வரட்டும். கும்மாயம் உளுந்தும் நெய்யும் கருப்பட்டியும் சேர்ந்தது, சத்தான பண்டம். தேறி வரும் மாதங்களில் அருமையான உணவு. முதல் நான்கு நாளில் தட்டு நிறையக் கருப்பட்டி ஒரேயடியாக உள்ளே போவதுதான் சிக்கல். உணவு ஆலோசகர் அதை ஒரு வேளையின் பங்காக அளந்து கணக்கில் வைத்துக்கொள்ளலாம். கணக்கில் ஏறாத இனிப்பு உள்ளே போனால், மறுநாள் பாஸ்பரஸ் ஏன் சரிந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

பார்க்க வரும் அப்பத்தா, அத்தை, மாமா எல்லோரிடமும் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். "எலும்பும் தோலுமா ஆயிட்டியே", "முகத்துல கொஞ்சம் சதை பிடிச்சிருக்கு" என்ற இரண்டு பேச்சும் வேண்டாம். இரண்டாவது பேச்சைக் கேட்டு அடுத்த வேளைத் தட்டைத் தள்ளிவைக்கும் பிள்ளைகள் உண்டு.

"எடையைத் தினமும் எடுக்கலாமா? அவ பார்க்கணும்னு அடம்பிடிக்கிறா."

முதல் வாரம் நீர்த் தேக்கத்துக்காகத் தினம் எடுக்கலாம், பிறகு வாரம் இரண்டு முறை போதும். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, மருத்துவமனை உடையில், அதே எடைக்கருவியில். எண்ணுக்கு முதுகைக் காட்டி நிற்கவையுங்கள், வாய்விட்டுச் சொல்லாதீர்கள். கூடவே சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்தால் எண் உண்மையா, குடித்த தண்ணீரா என்பது தெரியும். இதைக் குற்றம் கண்டுபிடிக்கும் குரலில் செய்யவேண்டாம்.

"எப்ப மதுரைக்கு அனுப்பணும்? தொண்ணூறு கிலோமீட்டர் போகணுமேன்னு யோசனையா இருக்கு."

தூரம் இருப்பதால்தான் முன்கூட்டியே அனுப்பவேண்டும். விழித்திருக்கும்போது நாடி 40-க்குக் கீழ், பொட்டாசியம் 2.5-க்குக் கீழ், மருந்தின் அளவைக் கூட்டியும் 12 மணி நேரத்தில் மேலும் இறங்கும் பாஸ்பரஸ், நீண்ட கியூ.டி.சி., வலிப்பு, குழப்பம், படுத்தால் மூச்சு வாங்குதல், திரும்பத் திரும்ப இறங்கும் சர்க்கரை இவற்றில் ஒன்று போதும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னும் பக்கம். முதலில் அங்கே பேசி, தீவிர சிகிச்சைப் படுக்கையும் நரம்புவழிப் பாஸ்பேட்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். 108-இல் இதய மானிட்டர் உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள். தேதி, மணியோடு எல்லா இரத்த எண்களும், ஏறிய பாட்டில்களும், தயமின் கொடுத்த நேரமும் ஒரே தாளில் பிள்ளையோடு போகட்டும்.

"செத்துப்போனாத் தேவலை" என்று பிள்ளை சொன்னால் அதுவும் சிவப்பு அடையாளம்தான். ஒரு ஆள் கூடவே இருக்கவேண்டும், மனநல மருத்துவர் அன்றே பார்க்கவேண்டும். வீட்டில் இருக்கும்போது அப்படிப் பேசினால் டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

"தையில பழனிக்கு நடக்கிறதா வேண்டுதல். அதுக்குள்ள வீட்டுக்கு விட்டா கூட்டிட்டுப் போகலாமா?"

இந்தத் தையில் வேண்டாம். அவளுக்காக வீட்டில் வேறொருவர் காவடி எடுக்கட்டும். நாள் முழுதும் நடப்பது, வழியில் நேரம் தவறிச் சாப்பிடுவது இரண்டும் இந்த இதயத்துக்கு ஆகாது. நடப்பதே சிலருக்கு நோயின் ஒரு முகமாகவும் இருக்கும். விரதத்துக்கும் இதே பதில்தான்.

"இப்படித் தினமும் இரத்தம் எடுக்கிறது எப்ப நிக்கும்?"

முழுக் கலோரிக்கு வந்து, குறையை ஈடுகட்டக் கொடுத்த மருந்துகளை நிறுத்திய பிறகும் மூன்று நாள் தொடர்ந்து பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் தாமாக நின்றால் தினசரிக் குத்தலை விடலாம். பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் அது வரும். அதன் பிறகு வாரம் இரண்டு முறை. பிள்ளை இடையில் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் விட்டு மறுபடி தொடங்கினால், அந்த நாள் மறுபடி முதல் நாள். தயமினிலிருந்து எல்லாமே புதிதாகத் தொடங்கவேண்டும். வீட்டுக்குப் போன பிறகு இப்படி நடந்தாலும் இதே கணக்குதான். டிஸ்சார்ஜ் தாளில் "பாஸ்பரஸ், மெக்னீசியம் தனியாக எழுதிப் பார்க்கவும்" என்ற வரியைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்.